பணத்தைத் திருப்பித் தருபவருக்கு ஓடிபி எதற்கு?

"ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். ரூ. 3,299 வரவேண்டும். நேற்று ஒருவர் அழைத்து, 'ரீஃபண்ட் அனுப்ப ஆறு இலக்க எண் வரும், சொல்லுங்கள் மேடம்' என்றார். முதல் எண்ணைச் சொல்லிவிட்டேன். அடுத்து வங்கியிலிருந்து இன்னொரு எண் வந்ததும் பயந்துபோய்த் துண்டித்துவிட்டேன். பணம் எதுவும் போகவில்லை. இதை இத்தோடு விட்டுவிடலாமா?"
– வாசகி, திருச்சி

விட்டுவிட வேண்டாம். இரண்டாவது எண்ணைச் சொல்லாததால் உங்கள் பணம் தப்பியது. ஆனால் முதல் எண்ணைச் சொன்னதால் அந்த ஆள் உங்கள் கணக்கு ஒன்றுக்குள் நுழைந்திருக்கிறார். இன்னமும் அங்கேயே இருக்கக்கூடும்.

அந்த இரண்டு குறுஞ்செய்திகளையும் மறுபடி திறந்து, எண்ணை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் வாசகத்தைப் படியுங்கள். முதல் செய்தி பெரும்பாலும் நீங்கள் மிக்ஸி வாங்கிய கடையிலிருந்து வந்திருக்கும். அதில் login என்ற சொல் இருக்கும். இரண்டாவது செய்தியில் ஒரு தொகையும், பணம் போய்ச் சேர வேண்டிய கடையின் பெயரும், உங்கள் கார்டின் கடைசி நான்கு இலக்கங்களும் இருக்கும். அந்தத் தொகை 3,299 ஆக இருக்காது. வங்கிக் கிளையில் புகார்களைக் கவனித்துவந்த ஆண்டுகளில் என் மேசைக்கு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்டது அந்தச் செய்தியைத்தான். எடுக்கப்போகிற தொகை அதில் தெளிவாக எழுதியிருக்கும். ஆனால் காதில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் எண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. இதில் நீங்கள் வெட்கப்பட ஏதுமில்லை.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். பல ஷாப்பிங் செயலிகளில் கடவுச்சொல் இல்லாமலேயே, மொபைல் எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் மட்டும் கொண்டு உள்ளே போகலாம். அந்த ஆள் தன் போனில் உங்கள் எண்ணைத் தட்டினார். ஓடிபி உங்களுக்கு வந்தது. நீங்கள் சொன்னதும் உங்கள் கணக்கு அவர் கையில் திறந்துவிட்டது. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் கடைகள் கார்டின் முழு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்பதால், அங்கிருந்து கார்டு எண்ணை அவரால் எடுக்க முடியாது. ஆனால் நீங்கள் அங்கே சேமித்து வைத்த கார்டைக் கொண்டு அந்தக் கணக்குக்குள்ளேயே எதையும் வாங்க முயலலாம். இவர்கள் விரும்பி வாங்குவது கிஃப்ட் வவுச்சர். அதற்குப் பார்சலும் வேண்டாம், முகவரியும் வேண்டாம், சில நிமிடங்களில் கைமாற்றிவிடலாம். அப்படி வாங்கும்போது வங்கி உங்களிடம் ஒப்புதல் கேட்டு அனுப்பியதுதான் இரண்டாவது எண்.

ஆகவே முதலில் அந்தக் கடையின் செயலிக்குள் போய், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல் இருந்தால் மாற்றுங்கள். பிறகு அங்கே பதிவாகியிருக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அடுத்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ரீஃபண்ட் எந்தக் கணக்குக்குப் போகும் என்று குறிப்பிடும் இடத்தைத் திறந்து, புதிதாக ஒரு வங்கிக் கணக்கோ யூபிஐ முகவரியோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய ரூ. 3,299 அவருக்குப் போய்ச் சேர்வதற்கு அந்த ஒரு மாற்றமே போதும். சேமித்த கார்டுகளை நீக்கிவிட்டு, செயலியின் வாலட்டில் வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

இதன்பின் உங்கள் வங்கிச் செயலியில் அந்தக் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் அணைத்து வையுங்கள். பேச்சுவாக்கில் கார்டின் முழு எண்ணையோ பின்பக்கத்து மூன்று இலக்கங்களையோ சொல்லியிருந்தால் அணைத்து வைப்பது போதாது. அதை மறுபடி இயக்கியதும் வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிடும் என்பதால், கார்டை முடக்கிப் புதிது வாங்குவதுதான் சரி. அவர் சொல்லி ஏதாவது செயலியை நிறுவியிருந்தால், அது உங்கள் திரையையோ குறுஞ்செய்திகளையோ அவருக்குக் காட்டக்கூடியது. இணைய இணைப்பைத் துண்டித்து அதை நீக்கிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

அவர் மறுபடி அழைக்கக்கூடும். இம்முறை குரல் மாறியிருக்கும். "உங்கள் கணக்கிலிருந்து பெரிய தொகை போகப்போகிறது, அதை ரத்து செய்ய இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துவார். ஓடிபி கொடுக்கப்படாத பரிவர்த்தனை சில நிமிடங்களில் தானாகக் காலாவதியாகிவிடும். அதை ரத்து செய்ய யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் அந்த எண்ணைச் சொன்னால்தான் பணம் போகும். "நான் செயலியிலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சொல்லித் துண்டித்துவிடுங்கள். வாதம் செய்ய வேண்டாம். உங்கள் பெயரும் ஆர்டரும் அவருக்குத் தெரிந்திருப்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். நாம் கிழித்தெறியும் பார்சல் உறையிலேயே பெயர், முகவரி, மொபைல் எண் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. அந்த அழைப்பை sancharsaathi.gov.in தளத்தின் சக்ஷு பகுதியில் புகாராகப் பதியுங்கள்.

உங்களைப்போல் நிறுத்தாமல் இரண்டாவது எண்ணையும் சொல்லிப் பணத்தை இழந்தவர்கள், அடுத்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க அங்கே வழி இருக்கிறது. ஆனால் அது இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் புகார் போய்ச் சேர வேண்டும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பிறகு cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் உடனே தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால் புகார் செய்யும் வரையிலான இழப்பு அவரைச் சேரும். புகார் செய்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். அதனால்தான் புகார் எந்த நிமிடத்தில் பதிவானது என்பது முக்கியமாகிறது.

இனி உங்கள் ரூ. 3,299. நீங்கள் எந்த வழியில் செலுத்தினீர்களோ, வழக்கமாக அதே வழியில்தான் கடை பணத்தைத் திருப்பி அனுப்பும். ஓடிபி என்பது உள்ளே நுழைவதற்கும் பணம் வெளியே போவதற்கும் உங்களிடம் கேட்கப்படும் ஒப்புதல். உங்கள் கணக்குக்குள் பணம் வருவதற்கு ஓடிபியும் வேண்டாம், யூபிஐ பின்னும் வேண்டாம். செயலியில் அந்த ஆர்டரைத் திறந்து ரீஃபண்டின் நிலையைப் பாருங்கள். அனுப்பியாயிற்று என்று காட்டியும் சொன்ன நாளுக்குள் வரவில்லை என்றால், செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியிலேயே கேளுங்கள். கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடாதீர்கள், அங்கே போலி எண்களும் கலந்திருக்கின்றன. அந்த ரீஃபண்டை அடையாளம் காட்டும் எண்ணை, அதாவது கார்டில் செலுத்தியிருந்தால் ஏஆர்என் எண்ணையும், யூபிஐயில் செலுத்தியிருந்தால் யூடிஆர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அதை வங்கியில் காட்டினால் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேடிச் சொல்ல முடியும்.