மூன்று கேட்டேன், ஒன்றுதான் வந்தது: கேள்வி பதில்

மூன்று தண்ணீர் ஃபில்டர் இருக்கிற பேக்தான் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். டப்பாவில் ஒன்றுதான் இருந்தது. வழியில் யாராவது எடுத்துவிட்டார்களா?

இருக்கலாம், ஆனால் அபூர்வம். முதலில் ஆர்டர் விவரத்தைத் திறந்து, தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் 1, 2, 3 என்று தேர்வுகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் தனிப் பொருள்தான். தலைப்பையும் படத்தையும் மட்டும் விற்பவர்கள் சிலர் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே போட்டுவிடுவார்கள். படத்தில் மூன்று நிற்கும், தேர்வு 1-ல் இருக்கும். அந்த வரியில் 1 என்றிருந்தால் கிடங்கு சரியாகத்தான் அனுப்பியிருக்கிறது, குழப்பம் பக்கத்தில். அப்போது அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் ஆதாரம். விற்பவர் அதைத் திருத்துவதற்குள் எடுத்துவிடுங்கள்.

எனக்கு 3 என்றுதான் இருக்கிறது. மாற்றிக் கேட்டேன், மறுபடியும் ஒன்றே வந்தது!

அப்படித்தான் வரும். கிடங்கில் பொருளை எடுப்பவர் டப்பாவைத் திறந்து எண்ணுவதில்லை, பார்கோடை ஸ்கேன் செய்வார். மூன்றையும் ஒன்றாகச் சுற்றி, உள்ளே இருக்கும் பார்கோடுகளை மறைத்து, மேலே பேக்கின் பார்கோடு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். விற்பவர் அந்த ஸ்டிக்கரை ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டிவிட்டார் என்று வையுங்கள். 30 பேக்குக்கான 90 டப்பாக்களும் கணக்கில் 90 பேக்காக ஏறிவிடும். மாற்றுப் பொருளும் அதே அடுக்கிலிருந்துதான் வரும். இனி மாற்று கேட்காதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். காரணமாக 'பிடிக்கவில்லை' என்று போடாமல் 'எண்ணிக்கை குறைவு' என்று போடுங்கள். ஸ்டிக்கரும் உள்ளே இருக்கும் ஒற்றை ஃபில்டரும் ஒரே படத்தில் தெரியட்டும்.

எதற்கு இவ்வளவு? அளவுப் பெட்டியில் 3 என்று போட்டால் முடிந்தது.

பாதி சரி. தேர்வு 1-ல் இருந்தால் மூன்று வரும். தேர்வு 3-ல் இருந்தால் ஒன்பது வந்து நிற்கும். அதைவிட, ஒன்றுக்கு என்ன விலை என்று தளம் காட்டினால் அதைப் பாருங்கள். மொத்த விலையும் அதுவும் ஒன்றாகவே இருந்தால், வருவது ஒன்றுதான். ஆனால் அந்த விலையைக் கணக்கிட வைக்கும் எண்ணிக்கையையும் விற்பவர்தான் நிரப்புகிறார், அதனால் முழுசாக நம்ப முடியாது.

எனக்கு நேர்மாறு. ஒரு பாட்டில் கேட்டேன், மூன்று வந்திருக்கிறது. என்ன செய்ய?

இதே கோளாறின் மறுபக்கம், பேக்கின் மேல் ஒற்றைப் பாட்டிலின் பார்கோடு தெரிந்திருக்கும். சட்டப்படி வைத்துக்கொள்ளலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். நானாக இருந்தால் விற்பவரிடம் சொல்லிவிடுவேன், திருப்பி அனுப்பும் செலவை அவரையே ஏற்கச் சொல்வேன்.

விமர்சனங்களில் எல்லோரும் மூன்றும் வந்ததாக எழுதியிருக்கிறார்களே?

பல தளங்களில் எல்லாத் தேர்வுகளின் விமர்சனங்களும் ஒரே இடத்தில் கலந்துவிடும். எழுதியவர் எதை வாங்கினார் என்று சில தளங்கள் பெயருக்குக் கீழே காட்டும். அது இல்லாத இடத்தில் விமர்சனத்தை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்ய எனக்கும் வழி தெரியவில்லை.