மூன்று கருப்பு விதை, இரண்டு மஞ்சள் பருப்பு

கேள்வி: அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. டப்பாவில் ஒட்டியிருந்த பேரெல்லாம் உரிந்து போச்சு. போட்டோவில் இடமிருந்து மூணு டப்பாவில் கருப்பு விதை, அடுத்த ரெண்டில் மஞ்சள் பருப்பு. எது எது?

பதில்: பருப்பை முதலில் முடித்துவிடலாம். நாலாவது டப்பா கடலைப்பருப்பு: பெரிதாக, ஒரு பக்கம் உப்பலாக, முதுகு லேசாகச் சுருங்கி இருக்கிறது. ஐந்தாவது துவரம்பருப்பு: அதைவிடச் சிறிது, வட்டம், வழவழப்பு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மஞ்சள்தான். சந்தேகம் தீரவில்லையென்றால் இரண்டிலும் ஒரு பிடி எடுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் ஒரே குக்கரில் வையுங்கள். குழைந்து மசிவது துவரை. உருவம் கலையாமல் நிற்பது கடலை.

கருப்பு விதைகள்தான் வம்பு. செல்போன் கேமராவில் கருப்பெல்லாம் ஒன்றாக அப்பிக்கொள்ளும், டப்பாவின் பளபளப்பு வேறு. முதல் டப்பாவில் ஓரமாக ஒட்டி நிற்கும் சில விதைகள் தட்டையாக, ஒரு முனை கூராக, கண்ணீர்த்துளி போலத் தெரிகின்றன. அது கருப்பு எள். மற்ற இரண்டையும் இந்தப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஒன்று கருஞ்சீரகம், இன்னொன்று சப்ஜா என்பது என் ஊகம்.

ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் எடுத்து, வெள்ளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கருஞ்சீரகம் கரியை உடைத்துப் போட்ட மாதிரி மூலை மூலையாக, சொரசொரப்பாக இருக்கும். சப்ஜாவுக்கு மூலையே கிடையாது, இரண்டு முனையும் மழுங்கிய நீள்வட்டம்.

படம் எடுக்கச் சோம்பலாக இருந்தால் தண்ணீர் போதும். கால் ஸ்பூன் விதையை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். சப்ஜாவைச் சுற்றி வெள்ளையாக வழுவழுப்பான கூழ் கட்டிவிடும். கருஞ்சீரகம் அப்படியே கிடக்கும். அதை விரலில் நசுக்கினால் ஓமத்தை நினைவூட்டும் காரமான வாசனை வரும். மாற்றிப் போட்டால் ரோஸ்மில்க் கசந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம், பெயர்க் குழப்பம் ஒன்று. வடநாட்டுக் கடைகளில் ‘காலா ஜீரா’ என்று கேட்டால் பெரும்பாலும் மெல்லிய, வளைந்த, பழுப்பு விதையைத் தருவார்கள். நம் கருஞ்சீரகம் அங்கே ‘கலோஞ்சி’. அம்மா எதை வாங்கினார் என்று போனில் கேட்கும்போது பெயரோடு வடிவத்தையும் கேளுங்கள்.

இரண்டு சோதனைக்கும் ஒத்துவராத விதை இருந்தால் வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம். ரோஸ், பச்சை என்று சாயம் ஒட்டியிருந்தால் அது தோட்டத்தில் விதைக்க மருந்து கலந்து வைத்த விதையாக இருக்கலாம். அந்த டப்பாவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.