மெயின்டெனன்ஸ் குறைவாக இருந்தால் நல்லதா?

"வேளச்சேரியில் 12 வருடப் பழைய அபார்ட்மெண்டில் 1,200 சதுர அடி வீடு வாங்கப் போகிறேன். மெயின்டெனன்ஸ் மாதம் 3,000 ரூபாய்தான். வேறு எதைக் கேட்க வேண்டும்?"

சதுர அடிக்கு 2.50 ரூபாய் வருகிறது. அதில் செக்யூரிட்டி சம்பளம், லிஃப்டின் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், தண்ணீர் லாரி, பொது மின்சாரம் போக மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மிச்சமில்லை என்றால் பெரிய செலவுக்குச் சேமிக்கவில்லை என்று அர்த்தம்.

சங்கத்திடம் கடைசி மூன்று வருட வரவு செலவுக் கணக்கையும், பெரிய செலவுகளுக்கென்று சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்டின் டெபாசிட் ரசீதுகளையும் கேளுங்கள். உதாரணமாக, 80 வீடுகள், கையிருப்பு 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்புறப் பெயிண்டுக்கும் லிஃப்ட் மாற்றுவதற்கும் சேர்த்து 40 லட்சம் ஆகும் என்றால் குறைவது 24 லட்சம். வீட்டுக்கு 30,000 ரூபாய். வாங்கிய சில மாதத்திலேயே அதைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரலாம். பொதுக்குழு மினிட்ஸில் "பெயிண்டிங் ஒத்திவைப்பு" என்று திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் அறிகுறி. அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

விற்பவரின் பாக்கி பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் பத்திரப் பதிவுக்கு முன்பே சங்கத்தின் நிலுவையில்லாச் சான்று கையில் இருக்கட்டும்.

பிறகு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், பைலாவில் பேச்சிலர், செல்லப்பிராணி, குடிபுகும் கட்டணம் பற்றிய விதிகளை இப்போதே படியுங்கள். மாத மெயின்டெனன்ஸ் யார் கட்டுவது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். சிங்கிங் ஃபண்ட் உரிமையாளர் பொறுப்பு.