பேசுவதை எழுத வைப்பது

"அண்ணா, நாங்க காட்பாடி. ஜெர்மனி வந்து ஆறு மாசம் ஆகுது. பையனுக்கு எட்டு வயசு. தமிழ்ப் பள்ளியில வாசிப்பு, கையெழுத்து, சின்னக் கட்டுரைன்னு தேர்வு வெக்கிறாங்க. வீட்ல நல்லா தமிழ் பேசுறான், எழுதச் சொன்னா முழிக்கிறான். எப்படித் தயார் பண்றது?"

தம்பி, கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். நோட்டைத் திறக்க வேண்டாம். ஊரில் என்ன பார்த்தான் என்று கேட்டு, அவன் சொல்வதை அப்படியே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் மகள் இப்படிச் சொன்னாள்: "தாத்தா என்ன கோட்டைக்கு இட்டுகினு போனாரு. அகழில தண்ணி கீது. மீன பாத்தோம்."

அந்தத் தாளை வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து மாற்றினோம்: "தாத்தா என்னைக் கோட்டைக்கு அழைத்துக்கொண்டு போனார். அகழியில் தண்ணீர் இருக்கிறது. மீனைப் பார்த்தோம்."

பாருங்கள், பெரும்பாலும் சொல்லின் வால்தான் மாறுகிறது. 'ல' என்பது 'இல்' ஆகிறது, 'கினு' என்பது 'கொண்டு' ஆகிறது, 'போனாரு' என்பதன் கடைசி உகரம் போகிறது. 'என்ன', 'மீன' இரண்டுக்கும் 'ஐ' திரும்பி வருகிறது. அந்த 'ஐ'க்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். இந்த வயதில் சந்தி விதி இந்த ஒன்று போதும். 'கீது' தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாத்தா பேசுவது அதுதான். பேசும்போது அப்படி, எழுதும்போது இப்படி என்று சொன்னால் பிள்ளைகள் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

திருத்திய வரிகளையே இரட்டைக் கோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் பயிற்சிக்குத் தனிப் பாடம் தேவையில்லை. ஜெர்மன் எழுத்து பழகிய கைக்கு இடறும் இடம் கொம்பு. 'கெ' என்று சொல்லும்போது 'எ' பின்னால் ஒலிக்கிறது, எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. வாசிப்பிலும் இங்கேதான் தடுமாறுவான். 'கொ'வில் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் படித்தால், கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் விரலால் மூடி ஒரே எழுத்தாகச் சொல்லப் பழக்குங்கள். உகர வரிசைக்கும் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். கு, சு, டு, து எல்லாம் வேறு வேறு வடிவம், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது.

அப்புறம், வீடியோ காலில் பாட்டி எழுதிக் காட்டினால் கவனியுங்கள். 1978 சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் லை, னை, றா போன்றவற்றைப் பழைய வடிவத்தில் எழுதுவார்கள். பையன் அதைப் பார்த்துப் பழகினால் பாடப்புத்தகத்தோடு ஒத்துவராது.

மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். தயாராகிவிட்டானா என்று பார்க்க, தலைப்பைக் 'கோட்டை'யிலிருந்து 'எங்கள் தெருப் பூங்கா' என்று மாற்றிக் கொடுங்கள். 'பூங்காவில்', 'ஊஞ்சலைப் பார்த்தேன்' என்று வால்களைத் தானே சரியாகப் போட்டால் தேர்வுக்கு அனுப்பலாம். போடவில்லை என்றால் மறுபடி பேசவிட்டு, அந்த வரிகளைத் திருத்துங்கள்.