சேனல் திருப்பி அனுப்பிய மஞ்சள் படம்

*வணக்கம் சார். ஒரு சேனலுக்காக 26 நிமிட ஆவணப்படத்தை ரிசால்வில் கலர் செய்தேன். மானிட்டரை மீட்டர் வைத்து அளந்து, Rec.709-க்கு ஒரு 3டி லட் உருவாக்கி, டைம்லைன் நோட்டில் போட்டுக்கொண்டுதான் முழு வேலையும் பார்த்தேன். என் திரையில் அருமையாக இருந்தது. சேனலோ படம் முழுக்க மஞ்சளடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டது. அந்த நோட்டை எடுத்தால் இங்கே எல்லாம் நீலமாகிறது. முதலிலிருந்து கலர் செய்ய வேண்டுமா? லட் கோப்பை இணைத்திருக்கிறேன்.*

அன்புள்ள நண்பருக்கு,

மறுபடி கலர் செய்ய வேண்டாம். உங்கள் கிரேடிங் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு நிறத்துக்கும் வெளியே போக வேண்டிய நிறத்தைச் சொல்லும் அட்டவணைதானே லட், அதுவும் சரி. அதைப் போட்ட இடம்தான் தவறு.

நீங்கள் அனுப்பிய .cube கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். 33 புள்ளி லட் என்பதால் 35,937 வரிகள். கடைசி வரிதான் வெள்ளை:

```
1.000000 0.957000 0.881000
```

வெள்ளை உள்ளே போனால் சிவப்பை அப்படியே விட்டு, பச்சையைக் கொஞ்சமும் நீலத்தை நிறையவும் குறைத்து வெளியே அனுப்புகிறது. அதாவது உங்கள் பேனலின் வெள்ளை இயல்பிலேயே நீலம் தூக்கலானது. அதை ஒளிபரப்புக்கான நியம வெள்ளையான D65-க்கு இழுத்துவர லட் நீலத்தைக் குறைக்கிறது. உங்கள் பேனலின் குறைக்கு மட்டுமே அது மருந்து. டைம்லைன் நோட்டில் போட்டதால் ரெண்டர் செய்தபோது அந்த மருந்து கோப்புக்குள்ளேயே கலந்துவிட்டது. சேனலில் இருப்பது ஏற்கெனவே சரியான மானிட்டர். அங்கே நீலம் குறைந்த படம் மஞ்சளாகத்தான் தெரியும்.

டைம்லைன் நோட்டிலிருந்து லட்டை நீக்குங்கள். Project Settings-இல் Color Management பக்கத்துக்குப் போய், Open LUT Folder மூலம் கோப்பை அந்த ஃபோல்டரில் வைத்து Update Lists அழுத்துங்கள். பிறகு Video monitor lookup table என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே போட்டால் அது டெக்லிங்க் போன்ற கார்டு வழியாக மானிட்டருக்குப் போகும் சிக்னலில் மட்டும் வேலை செய்யும், ரெண்டரில் ஏறாது. பக்கத்திலேயே இருக்கும் Output lookup table-இல் கைதவறிப் போட்டுவிடாதீர்கள். அது ரெண்டரிலும் ஏறும். கீழே Color viewer, Scopes இரண்டுக்கும் Use video monitor selection என்று இருந்தால் No LUT selected என மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்கோப்பும் லட் வழியாகப் பார்த்துப் பொய் சொல்லும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு நடுச்சாம்பல் ஜெனரேட்டரை டைம்லைனில் போட்டு, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் பரேடு ஸ்கோப்பைப் பாருங்கள். மூன்று நிறக் கோடுகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். லட்டைப் போட்டும் எடுத்தும் பாருங்கள்: மானிட்டரில் சாயம் மாற வேண்டும், பரேடில் எதுவும் அசையக் கூடாது. அப்புறம் அந்தச் சாம்பலை ரெண்டர் செய்து மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள். நீலக்கோடு இறங்கியிருந்தால் லட் இன்னும் எங்கோ கோப்புக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, லெவல். அளந்தபோது Data Levels என்ன வைத்திருந்தீர்களோ, பார்க்கும்போதும் அதுவே இருக்க வேண்டும். 10 பிட் ஒளிபரப்புச் சிக்னலில் கறுப்பு 64, வெள்ளை 940. மானிட்டர் 0 முதல் 1023 வரை எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பல் பூத்துப் பால் கலந்ததுபோல் தெரியும். தலைகீழாக இருந்தால் நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பாக மூழ்கிவிடும். ஒரு சாம்பல் ரேம்ப்பைப் பார்த்தால் இரண்டும் உடனே பிடிபடும்.

பின்னால் மானிட்டரிலேயே லட் ஏற்றும் வசதி கிடைத்தால் அங்கே ஏற்றிக்கொள்ளலாம். எந்த மென்பொருளில் வேலை பார்த்தாலும் திருத்தம் கூடவே இருக்கும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். அப்போது ரிசால்வில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். இரண்டிலும் இருந்தால் நீலம் இருமுறை குறையும். உங்கள் திரையே மஞ்சளாகும், அதை ஈடுகட்ட நீங்கள் படத்தில் நீலத்தை ஏற்றுவீர்கள். தனி லட் பெட்டி என்றால் அதற்குள் வரும் சிக்னல் பெரும்பாலும் 64–940 அளவில் இருக்கும், அந்த அளவுக்கென்றே லட்டை உருவாக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் லட்டிடம் எதிர்பார்க்காதீர்கள். அது குறைக்கத்தான் முடியும், பேனலில் இல்லாததைச் சேர்க்க முடியாது. பேனல் காட்டும் கறுப்பைவிட ஆழமான கறுப்பு வராது. வெள்ளையும் இறங்கும், ஆகவே அளப்பதற்கு முன் பேக்லைட்டை 100 நிட்டுக்குக் கொஞ்சம் மேலேயே வையுங்கள், லட் போட்ட பிறகு 100-இல் வந்து நிற்கட்டும். அளந்து முடித்த பின் பிரைட்னஸ் பட்டனை யாராவது தொட்டுவிட்டால் அந்த லட் செல்லாது, அரை மணி நேரம் மானிட்டரை ஓடவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும்.