ஜூன் 30-இல் படி நிற்கிறது, ஜூலை 1-இல் சேர வேண்டுமாம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை ஷூ ஏற்றுமதி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுத் துணை மேலாளர் நான். இரண்டு வருடமாக ஜெர்மனியில் பிர்மாசென்ஸ் ஊரில் எங்கள் கிளையில் இருக்கிறேன். ஜூன் 10 அன்று திரும்ப அழைக்கும் கடிதம் வந்தது. ‘ஜூலை 1 அன்று ராணிப்பேட்டையில் சேரவும். வெளிநாட்டுப் படிகள் ஜூன் 30 உடன் நிற்கும். பொருத்தமான பொறுப்பு வழங்கப்படும்’ என்கிறார்கள். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். என் பெயரில் எடுத்த வாடகை வீட்டை உடனே காலி செய்ய முடியாது. என்ன செய்யட்டும்?

பதில்: கையெழுத்துப் போடுங்கள், ஆனால் அந்த வார்த்தைக்குக் கீழே வேண்டாம். அதை அடித்துவிட்டு ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் தேதி போடுங்கள். அன்றே ஹெச்.ஆருக்குத் தனியாக ஒரு மெயில் அனுப்புங்கள். அதில் என்ன கேட்பது என்பதுதான் விஷயம்.

படி நிற்பதை எதிர்த்துப் பயனில்லை. அது அந்த ஊரில் இருப்பதற்காகத் தந்த பணம். ஊர் மாறினால் நின்றுவிடும். நீங்கள் பேச வேண்டியது, நிற்கும் தேதியைப் பற்றித்தான். ஜூன் 30 மாலை வரை அங்கே வேலை பார்த்துவிட்டு, ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, மறுநாள் காலை ராணிப்பேட்டை கேட்டில் பஞ்ச் வைக்க யாராலும் முடியாது. நடுவில் போகும் நாட்களுக்கு எந்தச் சம்பளம் என்று கடிதத்தில் எதுவும் இல்லையென்றால், பிறகு அது ‘லாஸ் ஆஃப் பே’ ஆகிவிடும். ‘ஜெர்மனியில் விடுவிக்கப்பட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து இங்கே சேரும் நாள் வரை பயணக் காலமாகக் கருதி இந்தியச் சம்பளம் வழங்கப்படும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பெரிய தொகை வீட்டில்தான் மாட்டியிருக்கிறது. ஜெர்மனியில் காலவரையறை இல்லாத சாதாரண வாடகை ஒப்பந்தம் என்றால், காலி செய்யும் நோட்டீஸ் ஒரு மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அந்த மாதமும் கணக்கில் வரும். கடிதம் வந்ததே ஜூன் 10. எனவே ஜூன் கணக்கில் வராது, ஒப்பந்தம் செப்டம்பர் 30-இல்தான் முடியும். வாடகை 800 யூரோ என்று வைத்துக்கொண்டால், நீங்கள் இங்கே வந்தபிறகும் மூன்று மாதத்துக்கு 2,400 யூரோ கட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, நோட்டீஸைக் காகிதத்தில் கையெழுத்திட்டுத்தான் தர வேண்டும். மெயிலில் அனுப்பினால் அந்த ஊர்ச் சட்டப்படி செல்லாது. கடிதத்தை இன்றே கொடுங்கள். வேறு ஆளைக் குடிவைத்து முன்கூட்டியே விடுவிக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் நல்லது, ஆனால் அது அவர் இஷ்டம்.

இந்த வாடகையை யார் கட்டுவது? முதலில் உங்களை அனுப்பியபோது தந்த பணியமர்த்தல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். திரும்பும் செலவு பற்றி வாசகம் இருந்தால் அதுவே பேசும். இல்லையென்றால், ‘20 நாள் அவகாசத்தில் அழைத்தது நிர்வாகம், அந்தத் தேதியால் வந்த செலவு இது’ என்று ஒப்பந்த நகலோடு கேளுங்கள். கிளம்புவதற்கு முன் கேட்டால் பெரும்பாலும் பாதியாவது கிடைக்கும். இங்கே வந்தபின் கேட்டால் அலைக்கழிப்பார்கள்.

அடுத்து, ‘பொருத்தமான பொறுப்பு’. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கடிதத்திலும் இதே வார்த்தைதான். திரும்பி வந்தபின் ஸ்டோர்ஸ் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, ‘சிறப்புப் பணி’ என்று பெயர் வைத்தார்கள். சம்பளம் குறையவில்லை, அதனால் வழக்குக்குப் பிடி கிடைக்கவில்லை. மேலாளர் நிலையில் இருப்பவருக்குத் தொழிலாளர் நீதிமன்ற வழி பெரும்பாலும் கிடையாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாலும், ‘இந்த நாற்காலியில் இவரை உட்கார வை’ என்று தனியார் கம்பெனிக்கு நீதிமன்றம் உத்தரவிடுவது அரிது. இழப்பீடு கேட்கலாம், அவ்வளவுதான். அதனால் பதவிப் பெயர், கிரேடு, யாரிடம் ரிப்போர்ட் செய்வது என்ற மூன்றையும் கடிதத்தில் போடச் சொல்லுங்கள். இந்த இரண்டு வருட இன்க்ரிமென்ட்டைச் சேர்த்து இந்தியச் சம்பளம் எவ்வளவு என்ற எண்ணும் வேண்டும்.

பதில் வரவில்லை என்பதற்காகச் சேராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ‘அனுமதியில்லாமல் வரவில்லை’ என்று அவர்கள் கைக்கு ஒரு காரணம் போய்விடும். ‘என் கோரிக்கைகளுக்கு உட்பட்டுச் சேர்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துச் சேருங்கள். பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது.

அப்புறம் வரி. ஜூலை 1 முதல் மார்ச் 31 வரை 274 நாள் இந்தியாவில் இருப்பீர்கள். 182-ஐத் தாண்டிவிடுவதால் அந்த நிதியாண்டு முழுக்க இந்தியக் குடியிருப்பாளர்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜெர்மனியில் வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்டி, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கேட்க வேண்டும். சம்பளச் சீட்டுகளையும் வரிச் சான்றையும் கிளம்புமுன் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி மெயிலில் மட்டும் வைத்திருந்தால், கிளையிலிருந்து விடுவித்ததும் அந்தக் கணக்கு மூடப்படலாம்.