கண்ணில் வலி என்றால் கண்ணில்தான் கோளாறா?

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான் கண் பரிசோதனை செய்யத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. தலைவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் உட்காருவதற்கு முன்பே, "கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டுவிடுவார்கள். சிலருக்குச் சரியாகும். பலருக்கு ஆகாது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே தலைவலியைச் சுற்றி வந்திருப்பதால், ஐந்தைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 29 வயது. தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாகச் சைனஸ் தலைவலி. இடது கண்ணுக்கு மேலும் கன்னத்திலும் விண்விண் என்று தெறிக்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், குமட்டும். புகைமூட்டக் காலத்தில் இன்னும் மோசம். வாரத்தில் நான்கு நாளாவது பனடோல் போடுகிறேன். சைனஸுக்கு நிரந்தரத் தீர்வு உண்டா?

பதில்: சகோதரி, உங்கள் மூக்கில் வருவது தண்ணீர் போன்ற நீரா, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சளியா? நீர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இது சைனஸ் அல்ல, ஒற்றைத் தலைவலி என்றே எனக்குத் தோன்றுகிறது.

நெற்றி, கண், கன்னம், சைனஸ் அறைகள், மூளையைச் சுற்றிய உறை ஆகிய எல்லாவற்றின் வலியையும் ஒரே நரம்புதான் சுமந்து செல்கிறது. ஒற்றைத் தலைவலி அந்த நரம்பைக் கிளறும்போது கண்ணீரும் மூக்கு நீரும் கூடவே சுரக்கும், முகமும் கனக்கும். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறவர் சைனஸ் இருக்கும் இடத்தையே காட்டுவார். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பியிருந்த, அல்லது மருத்துவரே அப்படிச் சொல்லியிருந்த ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகைதான்.

உண்மையான சைனஸ் வலி ஒரு சளிக்காய்ச்சலின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். மூக்கு அடைத்து, கெட்டிச் சளி இறங்கும். வாசனை தெரியாது. குனிந்தால் முகம் கனக்கும். சளி சரியானதும் வலியும் போகும். மாதத்தில் பத்து முறை வந்து, ஒரு நாளில் போய், மறுபடி வருவது அதன் வழக்கமில்லை. ஒற்றைத் தலைவலி, மருந்து போடாவிட்டால், 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை இருக்கும். படியேறினால் கூடும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் இருட்டறையில் படுக்கத் தோன்றும். புகைமூட்டம் அதைத் தூண்டிவிடலாம். ஆனால், தூண்டுவது வேறு, நோய் வேறு.

எனக்குக் கவலை தருவது அந்த மாத்திரைக் கணக்கு. வாரம் நான்கு நாள் என்றால் மாதம் 16, 17 நாள் ஆகிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைத் தாண்டிப் போட்டுக்கொண்டிருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்: வலி தொடங்கிய மணி, முடிந்த மணி, அப்போது வேலை செய்ய முடிந்ததா அல்லது படுத்தீர்களா, மாதவிடாய் நாள், போட்ட மாத்திரை. அந்த நோட்டோடு அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. என்னிடம் வந்தால் கண்ணைப் பார்த்து அனுப்புவேன். கண்ணாடி விற்க மாட்டேன்.

கேள்வி: ஐயா, செம்பனைக் குலை வெட்டும் வேலை செய்கிறேன். வயது 36. மதியம் ஆனால் பிடரியிலிருந்து நெற்றி வரை கயிறு கட்டி இறுக்கியது போல வலிக்கிறது. வெயிலில் கண் கூசுகிறது. இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் குறையவில்லை.

பதில்: தம்பி, கண்ணாடி மாற்றிக் குறையாததற்குக் காரணம் உங்கள் வேலையிலேயே இருக்கிறது. நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே காலை முழுவதும் குலை வெட்டுகிறீர்கள். கழுத்தின் பின்தசைகள் அத்தனை நேரமும் சுருங்கியே இருக்கின்றன. கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் முகத்தின் வலி நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் போய்ச் சேருவதால், பிடரியின் வலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரியும்.

இது இறுக்கத் தலைவலி. தலையின் இரு பக்கமும் அழுத்தும், தெறிக்காது, வாந்தி வராது. வலியோடேயே நடக்கலாம், வேலையும் பார்க்கலாம். ஒற்றைத் தலைவலிக்காரரால் அது முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பாதி பேரைப் பிரித்துவிடலாம். பிடரியும் தோளும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அதே வலி கிளம்பி நெற்றிக்கு ஏறினால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

சில மரங்களுக்கு ஒரு முறை கம்பைக் கீழே வைத்துவிட்டு, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து கழுத்தை நீட்டிவிடுங்கள். முடிந்தால் வெட்டுவதையும் குலை தூக்குவதையும் கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் தலை வலிக்கும் என்பதால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கூச்சத்துக்கு விளிம்புள்ள தொப்பி போதும். கையில் மரமரப்போ பலக்குறைவோ இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் எல்லா எழுத்தையும் படித்துவிட்டான். ஆனால், டியூஷன் முடிந்து வந்தால் நெற்றி வலிக்கிறது என்கிறான். படிக்காமல் இருக்கச் சாக்கா?

பதில்: சாக்கு என்று முடிவு செய்துவிடாதீர்கள், அம்மா. சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கவைக்கும் சோதனை கிட்டப்பார்வையைப் பிடிக்கும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குத் தூரம் மங்கும், ஆனால் தலை அவ்வளவாக வலிக்காது. வலி தருவது தூரப்பார்வைக் குறைபாடு, அதாவது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் கூடுதலாகச் சிரமப்படுவது. பிள்ளையின் கண் வில்லை இளகியது என்பதால் அதை முறுக்கி முறுக்கி எழுத்தைத் தெளிவாக்கிக்கொள்ளும். சுவர்ப் பலகையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். புத்தகத்தை இரண்டு மணி நேரம் பார்த்த பிறகுதான் அந்த முறுக்கலின் களைப்பு நெற்றியில் ஏறும்.

கண்ணால் வரும் வலிக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. தூங்கி எழும்போது இருக்காது, படிக்கப் படிக்கக் கூடும், விளையாடப் போனால் மறையும், பள்ளி விடுமுறையில் காணாமல் போகும். உங்கள் மகனுக்கு அப்படி என்றால், சொட்டு மருந்து விட்டு வில்லையைத் தளர்த்திச் செய்யும் பரிசோதனை வேண்டும். அது இல்லாமல் மறைந்திருக்கும் கண்ணாடி எண் வெளியே வராது. இரண்டு கண்ணும் மூக்கை நோக்கிச் சேர்ந்து திரும்பச் சிரமப்பட்டாலும் இதே வலி வரும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தால் சுகமாக இருக்கிறது என்று அவன் சொன்னால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

விடுமுறையிலும் வந்து, வாந்தி எடுத்து, தூங்கினால் சரியாகிறது என்றால் அது பிள்ளைகளின் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். அதிகாலையில் வலியோடு எழுந்து வாந்தி எடுத்தாலோ, நடை தடுமாறினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ கண்ணாடிக் கடைக்கு வர வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: 44 வயது. கைப்பேசியை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. இரவில் நெற்றி வலி.

பதில்: வெள்ளெழுத்து. படிக்கும் கண்ணாடி போதும். இரண்டு கண்ணின் எண்ணும் வேறாக இருக்கலாம், சந்தையில் விற்கும் கண்ணாடியை வாங்கிப் போடாமல் அளந்து வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. முன்பு பால்மரம் சீவியவர். சில மாதங்களாகச் சாயங்காலம் வலது புருவத்துக்கு மேல் வலி, வாந்தி. படுத்துத் தூங்கினால் காலையில் சரியாகிவிடுகிறது. ஒற்றைத் தலைவலி என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். கிட்டத்தட்ட உங்கள் தாயார் போன்ற ஒருவர் என்னிடம் வந்தது நினைவில் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

61 வயது அம்மா. ஏழு மாதமாக இதே வலி. வாந்தி வருவதால் வயிற்றுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தது கண்ணாடி மாற்ற. ஒற்றைத் தலைவலி ஐம்பதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்குவது அரிது என்பதால் எப்போது வலிக்கும் என்று துருவிக் கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும்போது என்றார். அப்போது தெருவிளக்கைப் பார்த்தால் எப்படி இருக்கும்? "சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும், ஐயா. வலது கண்ணை மூடினால் தெரியாது."

அந்தப் பதிலில் நோய் இருந்தது. சில கண்களில் முன்பகுதி குறுகியது. தூரப்பார்வைக் குறைபாட்டுக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், வயதான பெண்கள், அதிலும் ஆசிய இனத்தவர் இதில் அதிகம். மங்கிய வெளிச்சத்தில் கண்மணி பாதி விரியும்போது கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் கோணம் அடைபட்டு, கண் அழுத்தம் ஏறுகிறது. கருவிழி நீர் கோத்து வீங்குவதால் வளையம் தெரிகிறது. தூக்கத்தில் கண்மணி சுருங்குவதால் அடைப்பு விலகி, காலையில் வலி இருப்பதில்லை. தூங்கினால் போகிறது என்பதால்தான் இதை ஒற்றைத் தலைவலி என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஒற்றைத் தலைவலிக்கு முன் தெரியும் மின்னல் கோடுகள் எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும், விளக்கைப் பார்க்கத் தேவையில்லை. இந்த வளையம் அப்படியல்ல.

காலை பத்து மணிக்கு அந்த அம்மாவின் கண் அழுத்தத்தை அளந்தேன். 19. சாதாரண அளவு 10 முதல் 21 வரை. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நலம் என்று அனுப்பியிருப்பேன். வலி இல்லாத நேரத்தில் அழுத்தம் சரியாகவே இருக்கும். கண்ணுக்குப் பக்கவாட்டில் ஒளிக்கீற்றைச் செலுத்திப் பார்த்தபோது, கருவிழிக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் நிறத் திரைக்கும் நடுவே இடைவெளியே இல்லாதது போல இருந்தது. அன்றே கடிதம் எழுதி ஈப்போவுக்கு அனுப்பினேன். கோண அடைப்பு உறுதியானது. லேசரால் நிறத் திரையில் ஒரு சிறு துளை போட்டார்கள், வலிக்காத இடது கண்ணிலும் சேர்த்து, ஏனென்றால் அந்தக் கண்ணின் அமைப்பும் அதுவே. சாயங்காலத் தலைவலி நின்றுவிட்டது.

உங்கள் தாயாரிடம் இன்றிரவே வளையத்தைப் பற்றிக் கேளுங்கள். ஆம் என்றால் நாளைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வளையம் இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் கண்ணைக் காட்டுங்கள். அதுவரை இருட்டில் தொலைக்காட்சி வேண்டாம், கடையில் வாங்கும் சளி மாத்திரையும் வேண்டாம், சில சளி மருந்துகள் கண்மணியை விரிக்கும். உச்சந்தலை தொட்டாலே வலிக்கிறது, மெல்லும்போது தாடை வலிக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள், அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம்.

ஒரு நாள் வலி தணியாமல், கண் சிவந்து, பார்வை மங்கினால் விடியும் வரை பொறுக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே பார்வை நரம்பு சேதமாகத் தொடங்கலாம். அவசரப் பிரிவுக்குப் போய், தலைவலி, வாந்தி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், "ஒரு கண் சிவந்திருக்கிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது" என்று முதலில் சொல்லுங்கள்.